அடித்துப் போட்ட அளவுகள்

தையலக்காவின் முகம் தெரிவதற்கு முன்பே எனக்கு அவள் கைகள் பழக்கம். எங்கள் சந்தின் கடைசி வீட்டில், ஜன்னலை ஒட்டி அவளுடைய தையல் மெஷின் இருந்தது. ஜன்னலின் மேல் பாதியைத் திரை மறைத்திருக்கும். தெருவில் போகிறவர்களுக்குத் துணியைத் தள்ளிக்கொடுக்கும் இரண்டு கைகள் மட்டும் தெரியும். தைக்கக் கொடுக்கப் போனபோதுதான் மேலே ஒரு முகமும், காதுக்குப் பின்னால் செருகிய, துணியில் கோடு போடும் சுண்ணாம்புத் துண்டும், எதற்கும் உடனே ஒரு பதிலும் இருப்பது தெரிந்தது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. தையல் தவறிவிட்டால் பிரித்துத் தைப்பது எல்லோரும் செய்வதுதான். அக்கா அதோடு விடமாட்டாள். பிரித்த இடத்தில் ஊசி போட்ட துளைகள் வரிசையாகத் தெரியுமல்லவா, அதை நகத்தால் நீவி, ஈரத்துணி போட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஆக்கிவிட்டுத்தான் மறுபடி தைப்பாள்.

“உள்பக்கம்தானேக்கா, யார் பாக்கப்போறாங்க?” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

“நான் பாக்கறேனே,” என்றாள். “தப்பு பண்ணினது எனக்கும் இந்த ஊசிக்கும் மட்டும் தெரிஞ்சா போதும். ஊருக்கு எதுக்கு?”

அவள் வீட்டுக்காரர் நான் வேலை பார்க்கும் இடத்தில்தான் இருந்தார். அது இயந்திரங்களுக்குப் போடும் எண்ணெய் கலக்கும் கம்பெனி. அதன் சோதனை அறையில் கண்ணாடிக் குழாய்களும் குடுவைகளும் கழுவி வைப்பது என் வேலை. எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அளப்பது அவர் வேலை. உயரமான கண்ணாடிக் குழாயில் எண்ணெயை நிரப்பி, சிறு எஃகுக் குண்டு ஒன்றை மேலிருந்து விடுவார். குழாயில் இருபது சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். மேல் கோட்டைக் குண்டு தாண்டும்போது ஸ்டாப்வாட்சை அழுத்துவார், கீழ்க்கோட்டைத் தாண்டும்போது நிறுத்துவார். எத்தனை விநாடி என்று நோட்டில் எழுதுவார். பிறகு இன்னொரு குண்டு. ஒரே அளவைத் திரும்பத் திரும்ப எடுத்தால்தான் நம்பலாம் என்பார். நாள் முழுக்கக் குண்டு போடுகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் குண்டு அண்ணன். ஆள் என்னவோ காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒல்லி. புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு அறைக்குள் வேறு யாரையோ தேடுவார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அண்ணன் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை தொங்கிப்போனது. அதைவிட மோசம் பேச்சு. மனதில் ஒன்று நினைப்பார், வாயில் வேறொன்று வரும். தண்ணீர் வேண்டுமென்றால் ‘கதவு’ என்பார். வேண்டாமென்றாலும் ‘கதவு’தான். அக்கா அவர் முகத்தைப் பார்த்தே எந்தக் கதவு என்று கண்டுபிடித்துக்கொண்டாள்.

கம்பெனியில் அவர் இடத்தை எவ்வளவு நாள் காலியாக வைத்திருப்பது என்ற பேச்சு வந்தது. சோதனை அறையின் தலைவி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், தேறி வரட்டும், காத்திருக்கலாம் என்றார். மேனேஜர் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார். மழைக்காலம் முழுக்க ஒரு புது எண்ணெயை அண்ணன் ஒருவர்தான் அளந்திருந்தார். அந்த அளவுகளை முதலில் அட்டவணையாகக் கொண்டுவாருங்கள், அவை சரியாக இருந்தால் மேலே பேசலாம், விழுவதற்கு முன்பே அவர் கை தடுமாறிக்கொண்டிருந்தது என்றால் எதற்குக் காத்திருப்பது என்று கேட்டார். மேடம் இதை அக்காவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், அந்த நோட்டை யாராலும் படிக்க முடியவில்லை. அண்ணனின் நாலு நாற்காலி மாதிரி இருக்கும், ஒன்பதும் அதே நாற்காலிதான். ஒன்றுக்கும் ஏழுக்கும் கொம்பு ஒரே நீளம். பக்கமெல்லாம் எண்ணெய் விரல் தடம். எங்கள் அறையில் அட்டவணை போடுகிறவர் முப்பது வயதுக்காரர். எதைக் கொடுத்தாலும், சாப்பிட யார் எப்போது போவது என்பதைக்கூட, எக்செல்லில் போட்டுவிடுவார் என்பதால் அவருக்கு எக்செல் என்றே பெயர். அவர் நோட்டைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, “மேடம், இது அளவு எடுத்ததா, எறும்பு ஊர்ந்ததா?” என்றார்.

நான் வாயைத் திறப்பது அபூர்வம். அன்று திறந்தேன். “அவங்க வீட்டுக்காரம்மாவுக்குப் புரியும்” என்றேன்.

அக்கா வந்தாள். நல்ல உடையாக உடுத்திக்கொண்டு, காதுக்குப் பின்னால் இருந்த சுண்ணாம்பை எடுக்க மறந்து வந்தாள். சோதனை அறையை அவள் அதுவரை பார்த்ததில்லை. அந்தக் குழாயைச் சுற்றி வந்து, “இதுக்குத்தானா இந்த மனுஷன் வீட்டுல சாப்பிடும்போதுகூட நிமிஷம் பாத்துக்கிட்டிருந்தாரு” என்றாள். எக்செல் நாற்காலி போட்டார். அக்கா நோட்டைப் பார்த்து வாசிக்க வேண்டும், அவர் தட்ட வேண்டும். நான் பக்கத்துத் தொட்டியில் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன்.

“மொதல்ல பக்கத்துக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்கக்கா.”

“தேதி. அப்புறம் ‘தூரம் 20 செ.மீ.’ அப்புறம் ‘குண்டு 3 மி.மீ.’ அதுக்குக் கீழ ‘நேரம்’னு போட்டு, பக்கத்துல ஒரு ‘வி’.”

“‘வி’ன்னா விநாடி. அதைத் தலைப்புலயே போட்டுடறேன். தூரம் சென்டிமீட்டர், குண்டு மில்லிமீட்டர், கலந்துடக் கூடாது. இப்ப அளவைச் சொல்லுங்க.”

“ஒண்ணு பன்னெண்டு.”

எக்செல்லின் கை தட்டப்போய் நின்றது. “ஒண்ணு புள்ளி பன்னெண்டா? அக்கா, இந்தப் பக்கம் ஐஸ் தண்ணி ஓடவிட்டு பத்து டிகிரியில எடுத்தது. குளிர்ல எண்ணெய் தேன் மாதிரி இருக்கும். ஒரு விநாடியில குண்டு எப்படி இறங்கும்?”

அக்கா நோட்டை முகத்தருகே கொண்டுபோனாள். “புள்ளி இல்ல தம்பி. சின்னதா ஒரு கோடு. வீட்டுக் காலண்டர்லயும் தண்ணி மோட்டார் ஓடின நேரத்தை இப்படித்தான் கோடு போட்டு எழுதுவாரு. ஒரு நிமிஷம் பன்னெண்டு விநாடி.”

“அப்ப எழுபத்திரண்டு. அப்படி வாங்க!” எக்செல் உற்சாகமாகத் தட்டினார். “எல்லாத்தையும் விநாடியாவே மாத்திப் போட்டுடுவோம். நல்லவேளை, கேட்டேன்.”

“நல்லவேளை, நான் பாத்தேன்” என்றாள் அக்கா. இருவரும் சிரித்துக்கொண்டார்கள். நாற்காலி நாலா ஒன்பதா என்பதிலும் அவளுக்குக் குழப்பமில்லை. ஒன்பதுக்கு அவர் கால் வளைத்துவிடுவார், நாலுக்கு நேராக விடுவார், இத்தனை வருஷம் அவர் எழுதிய சீட்டை வைத்துக் கடைக்குப் போனவளுக்குத் தெரியாதா என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, “ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒரு நம்பர் போட்டு வட்டம் போட்டிருக்காரே, அதையும் வாசிக்கணுமா?” என்று கேட்டாள்.

“அது எத்தனாவது தடவைங்கற நம்பர். வேணாம்க்கா. ஒண்ணு, ரெண்டுன்னு போட்டு இழுத்துவிட்டா தானா கீழ வரைக்கும் விழுந்துடும்.”

எக்செல் ஒரு இழுப்பு இழுத்தார். வரிசை எண்கள் பக்கத்தின் அடிவரை விழுந்தன. அக்கா வாய்விட்டு வியந்தாள். அப்போது எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது.

அடுத்த பக்கத்திலிருந்து அக்காவின் குரலில் ஒரு சிறு மாற்றம் வந்தது. வாசித்துக்கொண்டே வருவாள், ஒரு கணம் நிற்பாள், கண் ஒரு வரி கீழே குதிக்கும், பிறகு வாசிப்பாள். தட்டுகிற வேகத்தில் எக்செல்லுக்கு அது மூச்சு வாங்குவதாகத் தோன்றியிருக்கும். எனக்கு அவள் உட்கார்ந்திருந்த பக்கம் நன்றாகத் தெரிந்தது. அவள் கட்டைவிரல் எதையோ மறைத்தபடி நகர்ந்தது. ஆனால் அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கென்ன தெரியும்? எண்ணெய்க் கறையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் போல மத்தியான வேளைகளில் வந்து வாசித்தாள். தைக்க வேண்டிய துணிகள் வீட்டில் மலையாகக் குவிந்தன. வாடிக்கைக்காரர்கள் ஜன்னலில் வந்து கத்திவிட்டுப் போனார்கள். “கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்தா பேரப்பிள்ளை பிறந்ததும்தான் கொடுப்பீங்களா?” என்று ஒருத்தி கேட்டதற்கு, “அதுக்கும் ஒரு சட்டை கொடுத்துவைங்க, சேத்துத் தச்சிடறேன்” என்று சொல்லி அனுப்பினாள்.

எக்செல் முதல் சில பக்கங்களை அச்சடித்துக் கொடுத்தார். அக்கா அதை மடிக்காமல், அட்டைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். அன்று மாலை என் சட்டையை வாங்க நான் போயிருந்தபோது அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா அதில் ஒரு தாளை அவர் மடியில் விரித்துவைத்தாள்.

“பாருங்க, உங்க கிறுக்கலை எப்படிக் கட்டம் கட்டிவச்சிருக்கோம். ஒரு அடித்தல் திருத்தல் இருக்கா, சொல்லுங்க?”

அண்ணன் ஆசையோடுதான் குனிந்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது. இடது கையின் ஒற்றை விரலால் நாலாவது வரியைத் தட்டினார். “கதவு” என்றார். மறுபடி தட்டினார். “கதவு, கதவு.” கழுத்து நரம்பு புடைத்தது.

“தண்ணியா? தலகாணி வைக்கவா?”

அவர் தாளைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா தாளைப் பொறுக்கி எடுத்தாள். “சந்தோஷம் தாங்கல போல” என்று என்னிடம் சொன்னாள். அவள் குரல் அதை நம்பவில்லை.

அட்டவணை முடிந்ததும் மேடம் அக்காவை வரச் சொல்லி ஆளனுப்பினார். மேடத்தின் அறையில் மேஜை மீது தாள்கள் பரவிக் கிடந்தன. எக்செல் சுவரோரம் நின்றிருந்தார். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். வெளியே போகச் சொல்லாததால் கதவோரம் நின்றேன்.

“உக்காருங்கம்மா” என்றார் மேடம். அவர் அதட்டிப் பேசுகிறவர் அல்ல. அன்று வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். “குழாயைச் சுத்தி வெந்நீர் ஓடவிட்டு எண்ணெயைச் சூடுபண்ணித்தான் அளப்பாங்க. எந்தெந்தத் தடவை எத்தனை டிகிரின்னு வெந்நீர்த் தொட்டியைப் பாத்துக்கறவர் தனித் தாள்ல எழுதிவைப்பாரு. இந்தப் பக்கத்துக்கு அவர் எழுதியிருக்கறதைப் பாருங்க. ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் முப்பது டிகிரி. அஞ்சுலேருந்து ஏழு வரைக்கும் நாப்பது. எட்டுலேருந்து பதினொண்ணு வரைக்கும் அம்பது.”

அக்கா தலையாட்டினாள்.

“ஒரே சூட்டுல எடுத்த அளவெல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். இங்க முப்பது டிகிரியில மூணு தடவை பதினெட்டரை விநாடியை ஒட்டி வருது. நாலாவது தடவை பன்னெண்டு புள்ளி ஒண்ணு. அதே எண்ணெய், அதே சூடு, அதே குண்டு. ஆறு விநாடிக்கு மேல வித்தியாசம் எப்படி வரும்? நாப்பதுல ரெண்டு தடவை பன்னெண்டு, அடுத்தது எட்டு. கடைசியில பத்தாவதும் பதினொண்ணாவதும் காலி. எடுக்கவே இல்ல.” மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு பக்கம்னா விடலாம். முக்காவாசிப் பக்கம் இப்படித்தான் இருக்கு. மழைக்காலம் ஆரம்பத்துலேயே அவருக்கு முடியாமப் போயிருக்கு. நாமதான் கவனிக்கல.”

“அப்படின்னா?”

“இந்த அளவுகளை எடுத்துக்க முடியாது. மேனேஜர்கிட்ட அவருக்காக நான் பேசறதுக்கும் கையில ஒண்ணும் இல்ல. உங்களுக்கு நேர்ல சொல்லணும்னு நெனச்சேன்.”

அக்கா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது வரியில் அவள் பார்வை நின்றிருந்தது. அண்ணனின் விரல் தட்டிய அதே வரி. அவள் முகம் வெளிறி, பிறகு காது வரை சிவந்தது. காதுக்குப் பின்னால் கை போனது. சுண்ணாம்பு அன்று அங்கே இல்லை.

“மேடம்,” என்றாள். “நான் சிலதை வாசிக்கல.”

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அடிச்சுப்போட்டது. அவரே எழுதிட்டு, மேல ஒரு கோடு போட்டு அடிச்சிருப்பாரு. பக்கத்துக்கு ஒண்ணு, ரெண்டு. அதை எதுக்கு நாலு பேர் முன்னால வாசிக்கணும்னு… மனுஷன் படுத்துக் கெடக்கறாரு. அவர் பண்ணின தப்பை நானே வாசிச்சுக் காட்டணுமான்னு தாண்டிட்டேன்.”

எக்செல் சுவரிலிருந்து துள்ளி வந்தார். “அக்கா! தாண்டிட்டீங்களா? எத்தனை?”

“இருந்ததையெல்லாம்.”

“ஐயோ, ரெண்டு வாரமா உக்காந்து தட்டினேனே! வாசிக்கறதுன்னா இருக்கறதை வாசிக்கறது. உங்களுக்குப் பிடிச்சதைப் பொறுக்கி எடுக்க இது என்ன கத்தரிக்காயா?”

“எக்செல்,” என்றார் மேடம். “நம்பரை அவங்க வாசிச்சிருந்தா ஒண்ணு, மூணு, நாலுன்னு வந்திருக்கும். ரெண்டு எங்கன்னு நீ கேட்டிருப்பே. நம்பரை வாசிக்க வேணாம்னு சொன்னது யாரு?”

எக்செல் மறுபடி சுவரோரம் போனார். “நான்தான்” என்றார். “தானா விழுமேன்னு…”

“தானா விழுந்தது. அவரோட நம்பர் இல்ல, நம்மளோட நம்பர்.” மேடம் நோட்டை இழுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அக்காவின் பக்கம் திருப்பினார். “இப்ப எல்லாத்தையும் வாசிங்க. வட்டம் போட்ட நம்பரோட.”

அக்கா விரலை வைத்தாள். கட்டைவிரல் இந்த முறை எதையும் மறைக்கவில்லை.

“ஒண்ணு. பதினெட்டு புள்ளி நாலு. ரெண்டு. இருபத்தொண்ணு புள்ளி மூணு… அடிச்சிருக்கு. பக்கத்துல ‘கு’ன்னு எழுதியிருக்காரு.”

“குமிழி,” என்றார் மேடம். “குண்டுல காத்துக் குமிழி ஒட்டிக்கிச்சுன்னா மெதுவாத்தான் இறங்கும். அதனாலதான் நேரம் கூட. பாத்துட்டாரு, அடிச்சுட்டாரு, மறுபடி எடுத்திருக்காரு.”

“மூணு. பதினெட்டு புள்ளி ஆறு. நாலு. பதினெட்டு புள்ளி அஞ்சு. அஞ்சு. பன்னெண்டு புள்ளி ஒண்ணு.”

“அஞ்சு,” என்று எக்செல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “அஞ்சாவது நாப்பது டிகிரி.”

“ஆறு, பன்னெண்டு புள்ளி மூணு. ஏழு, பன்னெண்டு புள்ளி ரெண்டு. எட்டு, எட்டு புள்ளி ஒண்ணு. ஒம்பது, ஆறு புள்ளி ஒம்பது, அடிச்சிருக்கு. ‘வாட்ச் லேட்’.”

“மேல் கோட்டுல லேட்டா அழுத்தினா நேரம் கொறைவாத்தான் காட்டும்” என்றார் எக்செல்.

“பத்து, எட்டு புள்ளி ரெண்டு. பதினொண்ணு, எட்டு.”

“வெறும் எட்டா?”

“எட்டு புள்ளி பூஜ்யம்.”

“அந்தப் பூஜ்யத்தையும் சொல்லிடுங்கக்கா. அதுவும் அவர் அளந்ததுதான்.”

மேடம் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். முப்பதில் பதினெட்டரை, நாற்பதில் பன்னிரண்டு சொச்சம், ஐம்பதில் எட்டு. சூடு ஏற ஏற எண்ணெய் இளகி, குண்டு சீக்கிரம் இறங்க வேண்டிய முறையில் இறங்கியிருந்தது. காலியாக இருந்த பத்தும் பதினொன்றும் நிறைந்தன. பென்சிலை வைத்துவிட்டு மேடம் நாற்காலியில் சாய்ந்தார். “புள்ளி ரெண்டு விநாடிக்கு மேல எங்கயும் விலகல. அடடா, மனுஷன் என்னமா அளந்திருக்காரு!”

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “நான் மறைச்சதுதான் அவரைக் கெடுத்துச்சு” என்றாள்.

“அடிச்ச வரி அவமானம் இல்லம்மா,” என்றார் மேடம். “அந்த வரி இல்லாத நோட்டைப் பாத்தாத்தான் எனக்குச் சந்தேகம் வரும்.”

மறுநாளிலிருந்து முதல் பக்கத்தில் தொடங்கி மறுபடி வாசித்தார்கள். எக்செல் இந்த முறை இழுத்துவிடவில்லை. நோட்டில் வட்டமிட்ட எண்ணை அப்படியே தட்டினார். அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் சேர்ந்தது. அடித்த அளவு தன் எண்ணோடு தன் இடத்திலேயே இருக்கும், பக்கத்துக் கட்டத்தில் ஏன் அடித்தார் என்ற காரணம் இருக்கும், சராசரி போடும்போது மட்டும் அதை விட்டுவிடுவார்கள். காரணம் எழுதாமல் அடித்திருந்தால் ‘காரணம் இல்லை’ என்று போட்டார்கள். “இதுக்கு நீங்களா ஒரு குமிழியை வச்சுடாதீங்க தம்பி” என்று அக்காவே எச்சரித்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் எக்செல் திரையைப் பார்த்துத் திருப்பி வாசிப்பார், அக்கா நோட்டில் விரல் ஓட்டிச் சரிபார்ப்பாள். பக்கம் பக்கமாக அளவுகள் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன.

கடைசி நான்கு பக்கங்களுக்கு வந்தபோது அக்காவின் குரல் தேய்ந்தது. கையெழுத்தே அங்கே வேறாக இருந்தது. எண்கள் வரியை விட்டுச் சரிந்திருந்தன. அடித்தல் ஒன்றுகூட இல்லை.

“ஒண்ணு. பதினெட்டு புள்ளி ரெண்டு,” என்று வாசித்தாள். “ரெண்டு. பதினஞ்சு புள்ளி ஏழு. மூணு…”

நின்றுவிட்டாள். எக்செல்லும் தட்டுவதை நிறுத்தினார். நான் குழாயைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. அந்த அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டாது என்பது இத்தனை பக்கம் கேட்டதில் எனக்கே தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்திருந்தது. பதினைந்து புள்ளி ஏழை ஒரு பதினெட்டு ஆக்கிவிட அவளால் முடியும். அந்தக் கையெழுத்து அவளுக்கு மட்டும்தான் புரியும். அவள் சொன்னால் சொன்னதுதான்.

“மூணு,” என்றாள். “இருபது புள்ளி நாலு. அடிக்கல.”

கடைசி வரி வரை அப்படியே வாசித்தாள். கடைசிப் பக்கத்தின் தேதி, அண்ணன் விழுந்ததற்கு முந்தைய நாள். எக்செல் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன் வைத்தார். அந்த மனிதர் யாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

மேடம் அட்டவணையை முழுதாகப் பார்த்தார். கடைசி நான்கு பக்கங்களையும் உள்ளேயே வைத்து, ‘கணக்கில் சேர்க்கவில்லை, அளந்தவர் உடல்நலம் சரியில்லாத நாட்கள்’ என்று பக்கத்தில் எழுதினார். மற்ற எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் எடுத்துப் போனார். மேனேஜர் கடைசிப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டாராம். “கெட்டதை மறைக்காமக் காட்டியிருக்கோம். அதனாலதான் நல்லதை நீங்க நம்பலாம்” என்றாராம் மேடம். அண்ணனின் இடத்தைக் கோடைக்காலம் வரை வைத்திருக்க மேனேஜர் ஒத்துக்கொண்டார். அதற்குள் அளக்க வர வேண்டும், அளவு ஒட்டி வர வேண்டும்.

அன்று மாலை புது அட்டவணையை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனாள். நானும் கூடப் போனேன். அண்ணன் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா அவர் இடது கையைப் பிடித்து இரண்டாவது வரியில் வைத்தாள். இருபத்தொன்று புள்ளி மூன்று. பக்கத்துக் கட்டத்தில் குமிழி. அவர் விரல் ஒன்றிலிருந்து பதினொன்று வரை மெதுவாக இறங்கியது. பிறகு மேலே வந்து, மறுபடி இறங்கியது.

“கதவு” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

“ஆமா, நான்தான் சாத்தினேன்,” என்றாள் அக்கா. “இப்பத் தெறந்தாச்சு, போதுமா?”

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. சின்னச் சொற்கள் முதலில் வந்தன. வலது கை வரவில்லை. வீட்டில் அக்கா நூலில் ஒரு பொத்தானைக் கட்டித் தையல் மெஷினில் தொங்கவிட்டு ஆட்டுவாள். அது பத்து முறை போய் வருவதற்கு எவ்வளவு நேரம் என்று அண்ணன் இடது கையால் வாட்சை அழுத்திப் பழகுவார். வாடிக்கைக்காரர்கள் துணியோடு காத்திருப்பார்கள். “இருங்க, இன்னும் மூணு ஆட்டம் பாக்கி இருக்கு” என்பாள்.

வெயில் தொடங்கியபோது ஒரு நாள் இருவரும் சோதனை அறைக்கு வந்தார்கள். கழுவித் துடைத்து வைத்திருந்த குழாயில் நான் எண்ணெய் நிரப்பினேன். எக்செல் வெந்நீரைத் திறந்துவிட்டார். முப்பது டிகிரி வந்து நிலைக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம். மேடம் கதவருகே நின்றார், உள்ளே வரவில்லை. அண்ணன் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டார். எழுதுவதற்கு அக்கா உட்கார்ந்தாள். புது நோட்டில் தேதி எழுதினாள், தூரம் செ.மீ., குண்டு மி.மீ., நேரம் வி. அதற்குக் கீழே ஒன்று என்று எழுதி வட்டம் போட்டாள்.

எக்செல் குண்டை விட்டார். பொன்னிற எண்ணெயில் அது மெல்ல இறங்கியது. மேல் கோட்டைத் தாண்டிச் சற்று இறங்கிய பிறகுதான் வாட்ச் ஒலித்தது. எல்லோரும் பார்த்தோம். கீழ்க்கோட்டில் அண்ணன் மறுபடி அழுத்தினார்.

“பதினாறு புள்ளி எட்டு” என்று அக்கா வாட்சைப் பார்த்து எழுதினாள். எழுதிவிட்டு, நிமிராமல், பேனாவைத் தாளிலேயே வைத்துக் காத்திருந்தாள்.

அண்ணனின் உதடு இரண்டு முறை கூடிப் பிரிந்தது.

“அடி” என்றார்.

அக்கா அந்த எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள், கீழே இருக்கும் எண் யாருக்கும் தெரிகிற மாதிரி மெல்லிய கோடு. பக்கத்தில் ‘வாட்ச் லேட்’ என்று எழுதினாள். அதை ஒருமுறை பார்த்தாள். நகத்தால் நீவவில்லை.

பிறகு கீழே இரண்டு என்று எழுதி வட்டம் போட்டு, “ம், விடுங்க தம்பி” என்றாள்.